ஒரு மணி நேரமும் மூன்று மணி நேரமும்

கர்ப்பகால நீரிழிவைக் கண்டறியும் இரண்டு பரீட்சைகள்: ஒன்று சந்தேகத்தை எழுப்புவது, மற்றொன்று தீர்ப்பு அளிப்பது

கர்ப்பத்தின் 24-ஆவது வாரத்துக்கும் 28-ஆவது வாரத்துக்கும் இடையில், அதுவரை சர்க்கரை வியாதி என்று ஒருவராலும் சொல்லப்படாத ஒரு பெண்ணின் கையில் குளுக்கோஸ் கரைத்த ஒரு தம்ளர் நீரைக் கொடுத்து, அதைக் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் அமைதியாக உட்கார்ந்திருக்கச் சொல்லி, பிறகு அவள் கையிலிருந்து சிறிது ரத்தம் எடுத்துப் பார்க்கும் வழக்கம் வைத்திய உலகில் வேரூன்றி அரை நூற்றாண்டு ஆகிறது. அந்த ரத்தத்தில் சர்க்கரை ஓர் எல்லையைத் தாண்டியிருந்தால், மறுநாள் முதல் அந்த வீட்டில் சோறு குறைகிறது, பழம் நிற்கிறது, வியாதி வந்துவிட்டது என்ற துயரம் குடிகொள்கிறது. தாண்டாமலிருந்தால், இனி அதைப் பற்றிக் கவலையே வேண்டியதில்லை என்று எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இந்த இரண்டு முடிவுகளுமே அவசரமானவை. ஏனென்றால், அந்த ஒரு மணி நேரப் பரீட்சை வியாதி உண்டா இல்லையா என்று சொல்வதற்காக ஏற்பட்டதே அல்ல. யாரை மேலும் பரிசோதிக்க வேண்டும் என்று சொல்வதற்காக மட்டுமே ஏற்பட்டது.

வியாதியை நிர்ணயிப்பது வேறொரு பரீட்சை. அதற்கு வெறும் வயிறு வேண்டும். இரண்டு பங்கு சர்க்கரை வேண்டும். மூன்று மணி நேரம் வேண்டும். நான்கு முறை ரத்தம் எடுக்க வேண்டும். முன்னதை ஆங்கில வைத்தியத்தில் குளுக்கோஸ் சாலஞ்ச் என்றும், சுருக்கமாக ஜி.சி.டி. என்றும், பின்னதைக் குளுக்கோஸ் டாலரன்ஸ் என்றும், ஓ.ஜி.டி.டி. என்றும் வழங்குவார்கள். இந்தக் கட்டுரையில் இவற்றை முதற்பரீட்சை, முழுப் பரீட்சை என்று குறிப்பிடுவோம்.

கர்ப்பத்தில் சர்க்கரை ஏறுவது ஏன்?

கர்ப்பம் முதிர முதிர, சிசுவுக்கு இடைவிடாமல் ஆகாரம் செல்லும்பொருட்டு, நஞ்சுக்கொடியிலிருந்து சில ஹார்மோன்கள் தாயின் ரத்தத்தில் கலக்கின்றன. தாயின் தசைகள் சர்க்கரையைத் தாமே உட்கொண்டுவிடாதபடி, இவை இன்சுலினின் வேலையைத் தடுத்து நிற்கின்றன. ஆரோக்கியமான பெண்ணின் கணையம் இந்தத் தடையை உணர்ந்து, வழக்கத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு இன்சுலினைச் சுரந்து சமன் செய்துவிடுகிறது. அவ்வளவு சுரக்கும் சக்தி இல்லாத கணையத்தை உடைய பெண்ணுக்குத்தான் சர்க்கரை ஏறுகிறது. இந்தத் தடை கர்ப்பத்தின் நடுப்பகுதிக்குப் பிறகே வலுப்பெறுவதால், பரீட்சைக்கு 24 முதல் 28 வாரம் வரை உள்ள காலம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதற்கு முன்னால் பார்த்தால் வர இருப்பது தெரியாமல் போகலாம், வெகுவாகப் பின்னால் பார்த்தால் சிகிச்சைக்கு அவகாசம் இராது.

தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிச் சிசுவிடம் செல்லும். தாயின் இன்சுலின் செல்லாது. ஆகையால், தாயிடமிருந்து மிகுதியாக வரும் சர்க்கரையைச் சமாளிக்கச் சிசுவின் கணையமே இன்சுலினை மிகுதியாகச் சுரக்க நேர்கிறது. அந்த இன்சுலின் சிசுவின் உடலில் கொழுப்பைச் சேர்த்து, தோள்களைப் பருக்கச் செய்து, பிரசவத்தில் தலை வெளிவந்த பின்பு தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்தை உண்டாக்குகிறது. தொப்புள்கொடியை அறுத்தவுடன் தாயின் சர்க்கரை நின்றுவிட, இன்சுலின் மட்டும் ஓங்கி நிற்பதால், பிறந்த சில மணி நேரத்துக்குள் குழந்தையின் ரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துபோவதும் உண்டு. தாய்க்கோ பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருப்பதில்லை; தாகமும் களைப்பும் இருந்தால்கூட அவை கர்ப்பத்தின் இயல்பு என்றே தோன்றும். தேடிப் பார்த்தாலன்றித் தெரியாத வியாதி இது என்பதால்தான் எல்லாக் கர்ப்பிணிகளையும் பரீட்சிக்க வேண்டியிருக்கிறது.

முதற்பரீட்சை: சல்லடையின் வேலை

முதற்பரீட்சையில் கொடுப்பது 50 கிராம் குளுக்கோஸ். பட்டினி இருக்க வேண்டியதில்லை. காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்த பெண்ணுக்கும் செய்யலாம். ஐந்து நிமிஷத்துக்குள் குடித்துவிட வேண்டும். அதிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுத்து, 100 மில்லிலிட்டர் பிளாஸ்மாவில், அதாவது அணுக்கள் நீக்கிய ரத்தநீரில், எத்தனை மில்லிகிராம் சர்க்கரை இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். (இனி வரும் எண்கள் யாவும் இந்தக் கணக்கே.) வேறொன்றும் சாப்பிடாமல், நடமாடாமல், அந்த ஒரு மணி நேரமும் உட்கார்ந்திருப்பது அவசியம், நடந்தால் தசைகள் சர்க்கரையை எடுத்துக்கொண்டு, உள்ளதைக் குறைத்துக் காட்டிவிடும்.

இதன் எல்லையைச் சில வைத்தியர்கள் 140 என்றும், சிலர் 135 என்றும், சிலர் 130 என்றும் வைத்திருக்கிறார்கள். இந்த வேற்றுமையில்தான் முதற்பரீட்சையின் சுபாவம் முழுவதும் அடங்கியிருக்கிறது. மாவைச் சலிக்கும் சல்லடையின் கண் அகலமாக இருந்தால் கப்பியும் மாவோடு கீழே இறங்கிவிடும், நெருக்கமாக இருந்தால் நல்ல மாவும் மேலே தங்கிவிடும் அல்லவா? அதுபோலவே, எல்லையை 140 என்று வைத்தால் வியாதி உள்ளவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் அகப்படுகிறார்கள். 130 என்று இறக்கினால் 90 சதவீதம் பேர் அகப்படுகிறார்கள், ஆனால் அவர்களோடு வியாதி இல்லாத பல பெண்களும் சேர்ந்து பிடிபட்டு, முழுப் பரீட்சைக்கு வர நேர்கிறது. எந்த எல்லையை வைத்தாலும், வியாதி உள்ள சிலர் தப்பிவிடவும், வியாதி இல்லாத பலர் அகப்படவும் செய்வார்கள்.

ஆகவே, முதற்பரீட்சையில் எல்லை தாண்டிய பெண்ணிடம் சொல்ல வேண்டிய சொல், 'உனக்கு இன்னொரு பரீட்சை வேண்டும்' என்பது மட்டுமே. அப்படித் தாண்டியவர்களில் பெரும்பான்மையோர் முழுப் பரீட்சையில் வியாதி இல்லாதவர்களாகவே வெளிவருகிறார்கள். ஒரு மணி நேரத்தில் 200-க்கும் மேலே போய்விட்ட பெண்ணை மட்டும், மேலும் 100 கிராம் சர்க்கரை குடிக்க வைப்பது வேண்டாம் என்று கருதி, பல வைத்தியர்கள் வியாதி உள்ளவளாகவே கொண்டு சிகிச்சையைத் தொடங்கிவிடுகிறார்கள்.

முழுப் பரீட்சையும் பாஸ்டன் நகரமும்

முழுப் பரீட்சை பிறந்த இடம் அமெரிக்காவில் பாஸ்டன். அங்கே ஜான் ஓசல்லிவன் என்ற வைத்தியரும், கிளேர் மேகன் என்ற புள்ளியியல் நிபுணரும், 752 கர்ப்பிணிகளுக்கு வெறும் வயிற்றில் 100 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, குடிப்பதற்கு முன்பும், பிறகு ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி கழித்தும் ரத்தத்தைப் பரிசோதித்து, அந்த நான்கு வேளைகளிலும் சராசரியைவிட வெகுவாக உயர்ந்து நிற்கும் அளவுகளை எல்லைகளாக வகுத்து, 1964-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். நான்கில் இரண்டு எல்லைகளைத் தொட்டாலோ தாண்டினாலோ வியாதி என்பது அவர்கள் செய்த நிர்ணயம். ஒரே ஓர் அளவு ஏதாவது ஒரு தவறினால் உயர்ந்து காட்டலாம், இரண்டும் அப்படிக் காட்டுவது அரிது என்பது அதன் நியாயம்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த எல்லைகள் சிசுவுக்கு என்ன நேர்கிறது என்று பார்த்து வகுக்கப்பட்டவை அல்ல. எல்லையைத் தாண்டிய தாய்மார்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரமான நீரிழிவு எவ்வளவு வருகிறது என்று பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்துச் சரி பார்க்கப்பட்டவை. மேலும், அவர்கள் அளந்தது முழு ரத்தத்தை; பிற்காலத்து ஆய்வுக்கூடங்கள் அளக்கத் தொடங்கியதோ பிளாஸ்மாவை. பிளாஸ்மாவில் சர்க்கரை சற்று மிகுதியாக இருக்கும். ஆகவே பழைய எண்களைப் புதிய கணக்குக்கு மாற்ற வேண்டியதாயிற்று. 1979-இல் அமெரிக்காவின் தேசிய நீரிழிவுத் தகவல் குழு ஒருவிதமாக மாற்றியது. 1982-இல் கார்ப்பென்டரும் கூஸ்டனும், சர்க்கரையை அளக்கும் ரசாயன முறை மாறியதையும் கணக்கில் சேர்த்து, சற்றுத் தாழ்ந்த எல்லைகளாக மாற்றினார்கள். இன்றும் இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன.

இதன் பயன் என்னவென்று ஓர் உதாரணத்தால் பார்ப்போம். 26-ஆவது வாரத்தில் இருக்கும் ஒரு பெண், காலை எட்டு மணிக்குச் சிற்றுண்டி உண்டு, பத்து மணிக்கு 50 கிராம் குளுக்கோஸ் நீரைக் குடித்து, பதினோரு மணிக்கு ரத்தம் கொடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். முடிவு 148. எல்லை 140 என்பதால் அவளை முழுப் பரீட்சைக்கு வரச் சொல்கிறார்கள். முந்திய இரவு ஒன்பது மணிக்கு உணவை முடித்துக்கொண்டு, தண்ணீரைத் தவிர வேறொன்றும் அருந்தாமல், காலை ஏழரை மணிக்கு அவள் வந்து சேர்கிறாள். வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் 88. பிறகு 100 கிராம் குளுக்கோஸ் நீரைக் குடிக்கிறாள். ஒரு மணியில் 192. இரண்டு மணியில் 161. மூன்று மணியில் 118.

கார்ப்பென்டர், கூஸ்டன் ஆகியோரின் எல்லைகள் முறையே 95, 180, 155, 140. அவளுடைய வெறும் வயிற்று அளவும் மூன்று மணி அளவும் எல்லைக்கு உள்ளே இருக்கின்றன. ஒரு மணி அளவும் இரண்டு மணி அளவும் தாண்டிவிட்டன. இரண்டு தாண்டியதால், அவளுக்குக் கர்ப்பகால நீரிழிவு உண்டு. 1979-ஆம் ஆண்டுக் குழுவின் எல்லைகளோ 105, 190, 165, 145. அந்தக் கணக்கில் ஒரு மணி அளவு ஒன்றுதான் தாண்டியிருக்கிறது; 161 என்பது 165-க்கு உள்ளே. ஆகவே அவளுக்கு வியாதி இல்லை. பெண் ஒருத்தி, ரத்தம் ஒன்று, எண்கள் நான்கு. தீர்ப்புகள் மட்டும் இரண்டு. ஓர் எல்லை மட்டும் தாண்டிய பெண்களுக்கும் பெரிய குழந்தை பிறக்கும் சாத்தியம் சற்று மிகுதி என்பது பின்னர் தெரியவந்ததால், அப்படிப்பட்டவர்களையும் கவனத்தோடு பார்த்துக்கொள்ளும் வைத்தியர்கள் இன்று பலர். வியாதிக்கும் ஆரோக்கியத்துக்கும் இடையே இயற்கை ஒரு கோடு கிழித்து வைக்கவில்லை. கோட்டைக் கிழிப்பவர்கள் மனிதர்களே.

2008-இல் வெளியான, ஒன்பது நாடுகளில் நடந்த ஹாப்போ என்னும் பெரும் ஆராய்ச்சி இதை ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டியது. தாயின் சர்க்கரை ஏறஏறச் சிசுவின் எடையும் ஏறிக்கொண்டே போகிறது. இந்த இடத்திலிருந்துதான் ஆபத்து தொடங்குகிறது என்று காட்டக்கூடிய படி எதுவும் நடுவில் இல்லை. அதை ஆதாரமாகக் கொண்டு 2010-இல் ஒரு சர்வதேசக் குழு, முதற்பரீட்சையையே விட்டுவிட்டு, எல்லோருக்கும் நேராக வெறும் வயிற்றில் 75 கிராம் கொடுத்து இரண்டு மணி நேரம் பரிசோதிக்கலாம் என்றும், 92, 180, 153 என்ற மூன்று எல்லைகளில் ஒன்றைத் தொட்டாலே வியாதி என்றும் வகுத்தது. இந்த முறைக்கும் பழைய இரு படி முறைக்கும் அமெரிக்காவில் ஏறத்தாழ 24,000 பெண்களைக் கொண்டு ஒப்பீடு செய்து, 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். புதிய முறையில் வியாதி என்று குறிக்கப்பட்டவர்கள் 16.5 சதவீதம், பழைய முறையில் 8.5 சதவீதம். தாய்க்கும் சேய்க்கும் நேர்ந்த பலன்களிலோ குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. எந்த முறை சிறந்தது என்ற வாதம் ஆகவே இன்னும் தீரவில்லை.

முடிவைக் கெடுப்பவை

முழுப் பரீட்சையைப் பாழாக்கும் காரணங்களில் முதன்மையானது, முதற்பரீட்சையின் முடிவைக் கேட்டுப் பயந்த பெண், இடைப்பட்ட நாட்களில் சோற்றை அறவே குறைத்துவிடுவது. மாவுச்சத்து பல நாள் கிடைக்காத உடல், திடீரென்று 100 கிராம் குளுக்கோஸ் வந்து சேரும்போது அதை விரைவில் கையாள மாட்டாமல் திணறும். அதனால், வியாதி இல்லாதவளுக்கும் ஒரு மணி, இரண்டு மணி அளவுகள் உயர்ந்து காட்டக்கூடும். பரீட்சைக்கு முந்திய மூன்று நாட்களாவது வழக்கமான உணவை, சோறும் இட்லியும் சப்பாத்தியும் உட்பட, வழக்கம்போல் உண்டு வர வேண்டும் என்று பழைய வைத்திய நூல்கள் வற்புறுத்துவது இதனால்தான். பட்டினி எட்டு மணி நேரத்துக்குக் குறையவும் கூடாது, பதினான்கு மணி நேரத்தை மிஞ்சவும் கூடாது.

இரண்டாவது, கடிகாரம். குடிக்கத் தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளாமல், கூட்டத்தில் காக்க வைத்து, ஒரு மணி ரத்தத்தை ஒன்றேகால் மணியில் எடுத்தால், உச்சத்திலிருந்து இறங்கத் தொடங்கிவிட்ட சர்க்கரையை உச்சத்துக்கு எல்லையாக வகுத்த எண்ணோடு ஒப்பிட நேரிடும். சீட்டில் ரத்தம் எடுத்த நேரம் எழுதப்படாமல் இருந்தால், அந்த முடிவை நம்புவதற்கு ஆதாரம் இல்லை. குடித்ததை வாந்தி எடுத்துவிட்டாலோ, உள்ளே எவ்வளவு தங்கிற்று என்று ஒருவராலும் சொல்ல முடியாதாகையால், பரீட்சையை நிறுத்திவிட்டு வேறொரு நாள் செய்வதே முறை.

மூன்றாவது, நோயாளியின் கண்ணுக்கே புலப்படாதது. எடுத்த ரத்தம் குழாயில் இருக்கும்போதும் அதிலுள்ள அணுக்கள் உயிரோடு இருந்து, சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கின்றன. சாதாரண வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். வெறும் வயிற்றில் மெய்யாகவே 97 இருந்த ஒரு பெண்ணின் ரத்தம், அணுக்கள் பிரிக்கப்படாமல் இரண்டு மணி நேரம் கிடந்தால், 86 என்று காட்டக்கூடும். 95 என்ற எல்லையைத் தாண்டியவள் தாண்டாதவளாகிவிடுவாள். ஃப்ளூரைடு இட்ட குழாயில் எடுத்தாலும், அந்த மருந்து முழுப் பலன் தர ஒரு மணி நேரத்துக்கு மேலாகிறது. ஆதலால், குழாயை உடனே பனிக்கட்டியில் வைப்பதோ, அரை மணிக்குள் பிளாஸ்மாவைப் பிரித்துவிடுவதோதான் நிச்சயமான வழி. கிளை நிலையத்தில் ரத்தம் எடுத்து, தொலைவிலுள்ள தலைமை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் இடங்களில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

இத்தனை சிரமம் எதற்கு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரீட்சை போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கர்ப்பத்தில் சிவப்பணுக்கள் விரைவில் புதுப்பிக்கப்படுவதால் அந்த எண் இயல்பாகவே தாழ்ந்துவிடும்; சோகை இருந்தால் மேலும் மாறுபடும். கர்ப்பத்துக்கு முன்பே இருந்த நீரிழிவைப் பிடிக்க அது உதவலாம். நடுக் கர்ப்பத்தில் புதிதாகத் தலையெடுப்பதைப் பிடிக்க உதவாது.

நம் நாட்டின் ஒரே பரீட்சை

மேலே சொன்ன இரு படி முறை அமெரிக்காவில் பிரபலம். இந்தியாவில் அரசாங்க வைத்தியசாலைகளில் வழங்குவது வேறு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வெகுதூரத்திலிருந்து பஸ் ஏறி வரும் ஒரு கர்ப்பிணியை, வெறும் வயிற்றோடு வா என்பதும், இன்னொரு நாள் திரும்பி வந்து மூன்று மணி நேரம் காத்திரு என்பதும் நடைமுறைக்கு ஒவ்வாது என்பதைக் கண்ட சென்னை வைத்தியர் வீ. சேஷையாவும் அவரோடு சேர்ந்தவர்களும், கடைசியாக எப்போது சாப்பிட்டாள் என்று பாராமல் 75 கிராம் குளுக்கோஸை ஏறத்தாழ 300 மில்லிலிட்டர் நீரில் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே முறை ரத்தம் எடுத்து, 140-உம் அதற்கு மேலும் இருந்தால் வியாதி என்று நிர்ணயிக்கும் முறையை வகுத்தார்கள். டிப்சி முறை என்று பெயர் பெற்ற இதையே இந்திய அரசின் சுகாதார அமைச்சகம் தன் வழிகாட்டு நெறிகளில் ஏற்றுக்கொண்டு, கர்ப்பிணி முதன்முதல் வரும்போது ஒருமுறையும், 24 முதல் 28 வாரத்துக்குள் மறுமுறையும் செய்யச் சொல்லியிருக்கிறது. குடித்து அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுநாள் திரும்பச் செய்ய வேண்டும். அதற்குப் பின் எடுத்தால் பரீட்சையைத் தொடரலாம் என்பது இதன் விதி.

இந்த முறைக்குக் குறை இல்லாமல் இல்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரையை இது பார்ப்பதில்லையாகையால், அது மட்டுமே உயர்ந்திருக்கும் பெண் இதில் தப்பிவிடுவாள். வெறும் வயிற்றில் செய்யும் பரீட்சையோடு ஒப்பிட்டுச் சென்னையிலேயே நடந்த ஆராய்ச்சியொன்று, இம்முறை கணிசமானவர்களைத் தவறவிடுகிறது என்று காட்டியது. ஆயினும், திரும்பி வராத பெண்ணுக்குச் சிறந்த பரீட்சையால் பயன் ஒன்றும் இல்லை; வந்த அன்றே முடிவு சொல்லிச் சிகிச்சையைத் தொடங்கும் பரீட்சைக்கு அதற்குரிய மதிப்பு உண்டு.

நம் ஊரில் மிகுந்த குழப்பம் விளைவது இங்கேதான். சில தனியார் மருத்துவமனைகளில் செய்யும் 50 கிராம் பரீட்சையையும், சுகாதார நிலையத்தில் செய்யும் 75 கிராம் பரீட்சையையும், ஜனங்கள் ஒன்றுபோலவே ஜி.சி.டி. என்று சொல்கிறார்கள். 140 என்ற எண்ணோ மூன்று இடங்களில் வருகிறது. 50 கிராம் குடித்து ஒரு மணியில் 140 வந்தால், அது முழுப் பரீட்சைக்கு அழைப்பு. 75 கிராம் குடித்து இரண்டு மணியில் 140 வந்தால், அதுவே வியாதியின் நிர்ணயம். வெறும் வயிற்றில் 100 கிராம் குடித்து மூன்று மணியில் 140 வந்தால், அது தாண்டப்பட்ட ஓர் எல்லை. தீர்ப்புக்கு இன்னொன்று வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு 145 வந்தும் வியாதி இல்லை என்றார்களே, எனக்கு 142-க்கே மருந்து என்கிறார்களே என்று மனம் கலங்கும் பெண்ணுக்குச் சொல்ல வேண்டிய விடை இதுவே: இருவரும் எழுதியது ஒரே பரீட்சை அல்ல.

நிர்ணயத்துக்குப் பிறகு

வியாதி என்று தெரிந்தால், முதலில் உணவை முறைப்படுத்தி, நடைப்பயிற்சி சொல்லி, இரண்டு வாரம் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகும் உணவுக்குப் பின் இரண்டு மணியில் 120-க்குக் கீழே வராவிட்டால்தான் மருந்தோ இன்சுலினோ. பெரும்பாலான பெண்களுக்கு உணவு மாற்றமே போதுமானதாக இருக்கிறது. நஞ்சுக்கொடி வெளியேறியதும் அதன் ஹார்மோன்களும் நீங்கிவிடுவதால், பிரசவத்துக்குப் பின் சர்க்கரை பெரும்பாலும் தானே தணிந்துவிடும். ஆனால் தடையைச் சமாளிக்க மாட்டாத கணையம் அதே கணையமாகத்தான் இருக்கிறது. ஆகையால், பிரசவமான ஆறாவது வாரத்தில், வெறும் வயிற்றில் 75 கிராம் கொடுத்து இரண்டு மணி நேரம் பார்க்கும் பரீட்சையைத் தவறாமல் செய்துகொள்ள வேண்டும். இப்படிப்பட்டவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரமான நீரிழிவு வரக்கூடும் என்பதே ஓசல்லிவன் அன்று தாய்மார்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து கண்ட உண்மை. கைக்குழந்தையோடு இருக்கும் பெண் பெரும்பாலும் தவறவிடுவதும் இந்தப் பரீட்சையைத்தான். ஆதலால், அந்த நாளை அவள் நினைவில் வைத்திருப்பாள் என்று விட்டுவிடாமல், தடுப்பூசிக்காகக் குழந்தையை அழைத்துச் செல்லும் நாளோடு சேர்த்து வீட்டாரே குறித்து வைக்க வேண்டும்.

பரீட்சை முடிவைத் தாங்கி வரும் சீட்டில் வெறும் எண்ணை மட்டும் எழுதிக் கொடுப்பது போதாது. எத்தனை கிராம் குளுக்கோஸ் கொடுத்தார்கள், வெறும் வயிற்றிலா சாப்பிட்ட பின்னா, எத்தனை மணிக்குக் குடித்து எத்தனை மணிக்கு ரத்தம் கொடுத்தாள், எந்த எல்லையோடு ஒப்பிட்டார்கள் என்ற நான்கும் அந்த எண்ணின் பக்கத்தில் இருக்க வேண்டும். அவை இருந்தால், அடுத்த ஊரிலுள்ள வைத்தியரும் அதைப் படித்துச் சரியான முடிவுக்கு வரலாம். அவை இல்லாவிட்டால், பரீட்சையைச் செய்தவரே மறுவாரம் அந்தச் சீட்டைப் பார்த்தாலும் அது சந்தேகமா தீர்ப்பா என்று சொல்ல முடியாது. சீட்டை வாங்கும் கர்ப்பிணியோ, அவளோடு துணைக்கு வந்த தாயோ கணவனோ, அந்த நான்கையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். அது அவர்களுடைய உரிமை.